சாய்ந்த சுமை தாங்கும் ஃபூட்டிங்: வடிவ, ஆழ, சாய்வுக் காரணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெட் டிசைன் செய்கிறவர்களும் முதல் வேலைக்கு வந்த பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஃபூட்டிங்கைத்தான் முழுக்கப் பிடித்துக்கொண்டு போகிறேன், அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

தாங்குதிறன் சூத்திரம்னு ஒண்ணு படிச்சாச்சு, அப்புறம் இந்த s, d, i எல்லாம் எதுக்கு சார்?

நீங்கள் படித்த அடிப்படைச் சூத்திரம் ஒரு கற்பனையான ஃபூட்டிங்குக்கு எழுதப்பட்டது. முடிவில்லாமல் நீண்டுபோகும் ஒரு பட்டை, அதன் மேல் நேர்செங்குத்தாக, நடுவில் விழும் சுமை. டெர்சாகி 1943-இல் அதிலிருந்துதான் தொடங்கினார். நம் சைட்டில் இருக்கும் ஃபூட்டிங்கோ இரண்டுக்கு இரண்டு மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறது, சுமையும் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கற்பனைக்கும் சைட்டுக்கும் உள்ள இந்த மூன்று வித்தியாசங்களைச் சரிக்கட்டத்தான் மூன்று காரணிகள்: வடிவத்துக்கு s, ஆழத்துக்கு d, சாய்வுக்கு i.

சாய்ந்த சுமைன்னா தூண் சாய்ஞ்சு நிக்கணுமா?

தேவையில்லை. தூண் நேராகவே நிற்கும். அடியில் வந்து சேரும் செங்குத்து விசை V, கிடை விசை H இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் ஒற்றை விசை செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் இங்கே சாய்வு, α. இரண்டு பக்கமும் சரிந்த கூரை உள்ள இரும்பு ஷெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையின் எடை கீழே இறங்கும்போது இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக விரிக்கப் பார்க்கும். காற்றே அடிக்காத நாளிலும் அந்தத் தள்ளல் உண்டு. காற்று, கிரேன் பிரேக் எல்லாம் அதற்கு மேல்தான்.

இந்தப் பக்கம் முழுவதும் நாம் பார்க்கப்போகும் ஃபூட்டிங் அப்படிப்பட்ட ஒரு ஷெட் காலுக்கு உரியது. அளவு 2 மீ × 2 மீ, ஆழம் 1.5 மீ. அடியில் மணல், ஆய்வறிக்கை நல்ல இறுக்கமான மணல் என்கிறது, உராய்வுக் கோணம் φ-ஐ நாம் கொஞ்சம் இறக்கி 30° என்று எடுக்கிறோம். ஒட்டுதல் c = 0, மண்ணின் எடை γ ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், தண்ணீர் மிகக் கீழே. ஃபூட்டிங்கின் எடை, மேலே போட்ட மண் எல்லாம் சேர்த்து V = 500 கிலோநியூட்டன், H = 88 கிலோநியூட்டன். 88-ஐ 500-ஆல் வகுத்தால் 0.176, அதாவது α = 10°.

எந்தச் சூத்திரம் போடணும்? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொண்ணு இருக்கே.

இந்தியாவில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஐ.எஸ். 6403 (1981). அதில் உள்ளது நிகரத் தாங்குதிறன்; அதனால்தான் இரண்டாவது உறுப்பில் Nq அல்ல, Nq − 1 வருகிறது. ஃபூட்டிங் வைப்பதற்கு முன்பே அங்கே இருந்த மண்ணின் எடையைக் கழித்துவிட்டார்கள் என்று பொருள். பிறகு ஒப்பிடும்போது நீங்களும் அழுத்தத்திலிருந்து அதே எடையைக் கழிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

```
qd = c·Nc·sc·dc·ic + q·(Nq−1)·sq·dq·iq + 0.5·γ·B·Nγ·sγ·dγ·iγ·W'

iq = ic = (1 − α/90)²
iγ = (1 − α/φ)²
dq = dγ = 1 + 0.1·(Df/B)·tan(45 + φ/2)     (φ > 10°)
sq = 1 + 0.2·B/L
sγ = 1 − 0.4·B/L          (சதுரத்துக்கு ஐ.எஸ். தனியாகத் தருவது: sq = 1.2, sγ = 0.8)
```

நம் மணலில் c = 0, ஆகவே முதல் உறுப்பு போய்விடுகிறது. φ = 30°-க்கு Nq = 18.4, Nγ = 22.4. மிச்சம் இரண்டே உறுப்புகள்: ஃபூட்டிங்கைச் சுற்றி மேலே கிடக்கும் மண்ணின் பாரத்தால் வருவது ஒன்று, ஃபூட்டிங்குக்கு அடியில் உள்ள மண்ணின் சொந்த எடையால் வருவது இன்னொன்று. முதலாவதை மேல்பார உறுப்பு என்றும் இரண்டாவதை அகல உறுப்பு என்றும் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் B அதில்தான் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள சந்தேகங்களில் பாதி, இந்த இரண்டும் தனித்தனியாக நடந்துகொள்கின்றன என்பது பிடிபட்டதும் தீர்ந்துவிடும்.

சதுரமா போட்டா ஒரு காரணி 1.2, இன்னொண்ணு 0.8. ஒரே வடிவம், ஒண்ணு ஏத்துது ஒண்ணு இறக்குது, எப்படி?

மண் எந்தப் பக்கமாகத் தப்பிக்கிறது என்று பாருங்கள். நீளமான பட்டைக்கு அடியில் பிதுங்கும் மண் இரண்டு பக்கமும்தான் போக முடியும். சதுரத்தில் நாலு பக்கமும் வழி உண்டு. நாலு பக்கமும் பிதுங்க வேண்டுமென்றால் நாலு பக்கத்திலும் மேலே கிடக்கும் மண்ணைத் தூக்கியாக வேண்டும், எனவே மேல்பார உறுப்புக்கு லாபம். அடியில் உள்ள மண்ணுக்கோ முனைகளில் பிடிப்பு இல்லாமல் போகிறது, எனவே அகல உறுப்புக்கு நஷ்டம்.

நம் ஃபூட்டிங்கில் போட்டுப் பாருங்கள். மேல்பாரம் q = 18 × 1.5 = 27. மேல்பார உறுப்பு 27 × 17.4 = 470; 1.2-ஆல் பெருக்க 564. அகல உறுப்பு 0.5 × 18 × 2 × 22.4 = 403; 0.8-ஆல் பெருக்க 323. கூட்டினால் வடிவக் காரணி இல்லாமல் 873, அதோடு 887 கிலோபாஸ்கல். ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. ஆழம் குறைந்த, அகலமான ஃபூட்டிங்கில் இப்படி ஆகாது. அங்கே அகல உறுப்பு பெரியது, சதுரம் நஷ்டத்தில் முடியும்.

ஆழக் காரணி போட்டா நல்லா ஏறுது. போட்டுக்கலாமா அண்ணா?

கணக்குப்படி போடலாம். Df/B = 0.75, tan 60° = 1.732, அப்படியானால் dq = dγ = 1.13. பதின்மூன்று சதவீதம் சும்மா கிடைக்கிறது.

ஆனால் சும்மா எதுவும் கிடைப்பதில்லை. முறிவுப் பரப்பு ஃபூட்டிங் மட்டத்தோடு நின்றுவிடாமல் மேலே உள்ள மண்ணையும் வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அந்த மண் எதிர்க்கிறது என்பதற்குத்தான் இந்தக் காரணி. மேல்பாரமாக அந்த மண்ணின் எடையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். இது அதன் வலிமைக்கு. குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, ஜேசிபியால் மண்ணைத் தள்ளி மூடிய இடத்தில் என்ன வலிமை இருக்கும்? நான் போன ஒரு சைட்டில் மூடி ஒரு மாதம் ஆன ஃபூட்டிங்கைச் சுற்றி நடந்தபோது ஷூ கணுக்கால் வரை இறங்கியது. கால் மிதித்தாலே இறங்கும் மண் முறிவுப் பரப்பை எதிர்க்கப் போவதில்லை. ஐ.எஸ். 6403-உம் இதைத்தான் சொல்கிறது: நிரப்பிய மண்ணைச் சரியாகக் கெட்டித்திருந்தால் மட்டும் ஆழக் காரணி.

சாய்ந்த சுமைக்கு நான் d = 1 என்றுதான் வைக்கிறேன். கிடை விசை தள்ளும் பக்கத்தில்தான் அந்த மண் தேவைப்படுகிறது. பின்னாளில் ஒரு குழாய்க்காகவோ வடிகாலுக்காகவோ யாராவது தோண்டினால் போய்விடுவதும் அதே மண்தான். இது என் வழக்கம், விதி அல்ல. அடுக்கடுக்காகக் கெட்டித்து, சோதனையும் செய்த சைட்டில் நீங்கள் போட்டுக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வெறும் 10 டிகிரிதானே சாய்வு, அதுக்குப் போய் இவ்வளவு குறையுமா?

குறையும். iq = (1 − 10/90)² = 0.79, iγ = (1 − 10/30)² = 0.444. மேல்பார உறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது, அகல உறுப்பில் பாதிக்கு மேல் போகிறது.

காரணம் இதுதான். செங்குத்துச் சுமையில் ஃபூட்டிங்குக்கு அடியில் ஒரு மண் ஆப்பு நேராகக் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் ஆழமாக மண்ணைக் கிளப்புகிறது. சுமை சாய்ந்தால் அந்த ஆப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முறிவுப் பரப்பு ஆழம் போகாமல் மேலோட்டமாகவே வெளியே வந்துவிடுகிறது. ஆழம் குறைந்தால் உள்ளே சிக்கும் மண்ணின் அளவு குறையும், அகல உறுப்பு நிற்பதே அந்த மண்ணின் எடையில்தான். α ஏறி φ-க்குச் சமமானால் என்ன ஆகும்? c இல்லாத மணலில் அது அடிப்பரப்பு அப்படியே வழுக்கும் நிலை, ஆழமான முறிவுக்கே இடமில்லை. அதனால்தான் சூத்திரம் அந்த இடத்தில் iγ-ஐப் பூஜ்யமாக்குகிறது. 90-ஆல் வகுப்பதும் φ-ஆல் வகுப்பதும் ஏன் வேறு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

சரி, எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

முதலில் விளைவு விசை ஃபூட்டிங் அடியின் நடுவிலேயே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையில்லை, அடுத்த கேள்வியில் சரி செய்வோம். ஆழக் காரணியை மேலே சொன்ன காரணத்தால் 1 என்று விடுகிறேன்.

மேல்பார உறுப்பு 564 × 0.79 = 445. அகல உறுப்பு 323 × 0.444 = 143. மொத்தம் 588 கிலோபாஸ்கல். சாய்வைப் பார்க்காமல் போட்டிருந்தால் 887. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பாதுகாப்புக் காரணி 3 என்றால் கையில் நிற்பது 196. நம் அழுத்தம் 500/4 = 125; நிகரம் 125 − 27 = 98. தாராளமாக நிற்கிறது.

பெடஸ்டல் மேலதான் H தள்ளுது, அடியில மொமென்ட் வராதா?

வரும், இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தூணின் அடி pin இணைப்பு, மொமென்ட் இல்லை என்று டிசைன் தாளில் எழுதியிருப்பார்கள், அது பெடஸ்டல் தலையில் உண்மை. தரைக்கு மேலே 0.3 மீ நீட்டிக்கொண்டிருக்கும் பெடஸ்டல், தரைக்குக் கீழே 1.5 மீ, ஆக 1.8 மீ கை நீளத்தில் 88 கிலோநியூட்டன் தள்ளுகிறது. அடியில் மொமென்ட் 158. அதை 500-ஆல் வகுத்தால் மைய விலகல் e = 0.317 மீ. B/6 = 0.333, மயிரிழையில் உள்ளே.

விலகல் இருந்தால் அந்தத் திசையில் அகலத்தை 2e குறைத்து வைக்கிறோம்: B' = 2 − 0.634 = 1.366 மீ. விளைவு விசை இந்தச் சின்ன செவ்வகத்தின் நடுவில்தான் விழுகிறது, மீதி ஃபூட்டிங் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வடிவக் காரணிக்கும் இந்த B'-ஐத்தான் எடுக்க வேண்டும், B'/L = 0.683. இப்போது இது சதுரமே இல்லை: sq = 1.137, sγ = 0.727.

மேல்பார உறுப்பு 470 × 1.137 × 0.79 = 422. அகல உறுப்பு 0.5 × 18 × 1.366 × 22.4 × 0.727 × 0.444 = 89. மொத்தம் 511, மூன்றால் வகுக்க 170. அழுத்தம் 500/(1.366 × 2) = 183, நிகரம் 156. 156-க்கு 170. போன பதிலில் இரண்டு மடங்காக இருந்த தாராளம் பத்து சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஃபூட்டிங் மாறவில்லை, மண் மாறவில்லை, நாம் 1.8 மீட்டரை நினைவில் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

மண் ஆய்வறிக்கையிலயே எஸ்.பி.சி. குடுத்துட்டாங்க. அதை iq-ஆல பெருக்கிட்டா போதாதா?

போதாது. அறிக்கையில் எஸ்.பி.சி., அதாவது பாதுகாப்பான தாங்குதிறன், என்று இருப்பது கூட்டி முடித்த ஒற்றை எண். நம் மணலுக்குச் செங்குத்துச் சுமையில் 887/3, சுமார் 295 என்று அறிக்கை வந்திருக்கும். அதை 0.79-ஆல் பெருக்கினால் 233. உண்மையான பதில் 170. அகல உறுப்பு அதைவிட வேகமாகக் குறைகிறது, B' வேறு சிறுத்துவிட்டது, இந்த இரண்டையும் அந்த ஒற்றைப் பெருக்கல் பார்க்கவே இல்லை. அறிக்கையிலிருந்து φ, c, γ, தண்ணீர் மட்டம் நான்கையும் எடுத்துக்கொண்டு கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அறிக்கையில் உள்ள எண் வெட்டுமுறிவால் வந்ததா, செட்டில்மென்டால் வந்ததா? மணலில் பல நேரம் செட்டில்மென்ட்தான் எண்ணைத் தீர்மானிக்கும். அந்த எண்ணை i-ஆல் பெருக்குவதற்கு அர்த்தமே இல்லை, அந்தக் காரணி முறிவுக்கானது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, எது குறைவோ அதை எடுங்கள்.

எக்செல்ல போட்டா iγ திடீர்னு ஏறுது, அப்புறம் களிமண்ணுக்கு #DIV/0! வருது. என்ன தப்பு?

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. (1 − α/φ)² என்பதில் வர்க்கம் இருக்கிறது பாருங்கள், α என்பது φ-ஐத் தாண்டியதும் அடைப்புக்குள் மைனஸ் வரும், வர்க்கம் அதைப் பிளஸ் ஆக்கிவிடும். φ = 30°, α = 40° போட்டால் 0.111 என்று அழகாக ஒரு விடை வரும். ஃபூட்டிங் எப்போதோ வழுக்கிப் போயிருக்கும், எக்செல் மட்டும் தாங்குதிறன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். சிவப்பாக எதுவும் காட்டாது என்பதால் இதுதான் அதிக ஆபத்து. களிமண்ணில் φ = 0, பூஜ்யத்தால் வகுக்கிறோம்; ஆனால் அங்கே Nγ-உம் பூஜ்யம்தான், அகல உறுப்பையே விட்டுவிடலாம்.

```
=IF(alpha>=phi, 0, (1-alpha/phi)^2)
=1+0.1*(Df/B)*TAN(RADIANS(45+phi/2))
```

முதல் வரி இரண்டு கோளாறையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரண்டாவது வரியில் `RADIANS` விட்டுப்போனால் ஆழக் காரணி ஒன்றுக்குக் கீழேகூடப் போகலாம், 1.1, 1.2 என்ற பக்கத்தில் இல்லாத எந்த ஆழக் காரணியையும் சந்தேகப்படுங்கள்.

வெசிக் முறைல போட்டா வேற எண் வருதே, எது சரி?

இரண்டும் சரி, தத்தம் குடும்பத்துக்குள். ஐ.எஸ். எடுத்துக்கொண்ட சாய்வுக் காரணி மெயர்ஹாஃப் வழி, அதில் கோணம் மட்டும்தான் பேசும். வெசிக் 1973-இல் தந்தது H/V விகிதத்தை வைத்து, ஃபூட்டிங்கின் வடிவத்தையும் அடுக்குக்குறியில் சேர்த்துக்கொள்கிறது. நம் சதுர ஃபூட்டிங்குக்கு, c = 0 என்னும்போது, அடுக்குக்குறி 1.5-உம் 2.5-உம்: iq = 0.824-இன் 1.5 அடுக்கு = 0.75, iγ = 0.824-இன் 2.5 அடுக்கு = 0.62. ஐ.எஸ்.-இல் 0.79, 0.44. ஒன்றில் வெசிக் கடுமை, மற்றதில் ஐ.எஸ். கடுமை.

செய்யக்கூடாதது ஒன்றுதான்: iq-ஐ அங்கிருந்தும் iγ-ஐ இங்கிருந்தும் பொறுக்கி எடுப்பது. அப்படிப் பொறுக்கினால் 0.79-உம் 0.62-உம் கிடைக்கும், அப்படி ஒரு முறையை எவரும் தரவில்லை. வடிவக் காரணிகளும் இரண்டிலும் வேறு, ஆக ஒரு முறையை எடுத்தால் s, d, i மூன்றையும் அதிலிருந்தே எடுங்கள்.

மழைக்காலத்துல தண்ணி ஃபூட்டிங் வரைக்கும் ஏறிடும். எவ்வளவு அடிபடும்?

தண்ணீர் மிகக் கீழே இருந்தவரை அதற்கான காரணி W' = 1; சரியாக அடிமட்டம் வரை வந்தால் W' = 0.5. அகல உறுப்பு மட்டும் பாதியாகும்: 89 போய் 44.5. மொத்தம் 466.5, மூன்றால் வகுத்தால் 155.5. நமக்குத் தேவை 156. மயிரிழையில் தோற்றோம்.

வேடிக்கை என்னவென்றால், செங்குத்துச் சுமையில் இதே தண்ணீர் 323-இல் பாதியை, அதாவது 160-க்கு மேல் பிடுங்கியிருக்கும். இங்கே 44.5-தான் பிடுங்கியது, ஏனென்றால் சாய்வு அகல உறுப்பை முன்பே தின்றுவிட்டது. தண்ணீர் அடிமட்டத்தையும் தாண்டி மேலே ஏறினால் கதை வேறு. அப்போது மேல்பாரம் q-வும் குறையும், நம் தாங்குதிறனில் பெரும்பங்கு இப்போது அங்கேதான் இருக்கிறது.

காத்து தூக்கும்போது V குறையுது. சுமை குறைஞ்சா பாதுகாப்புதானே?

இல்லை. சாய்ந்த சுமையில் பெரிய V நண்பன், சின்ன V எதிரி. கூரையைக் காற்று உறிஞ்சும் நேரத்தில் V = 180, H = 55 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் முன்பைவிடக் குறைவு. ஆனால் 55/180 = 0.306, α = 17°. e = 55 × 1.8/180 = 0.55 மீ, B/6-ஐத் தாண்டிவிட்டது, ஃபூட்டிங்கின் பின்பக்கம் மண்ணைவிட்டு எழும்பும். B' = 0.9 மீ. iq = 0.658, iγ = 0.188.

முன்பு போட்ட மாதிரியே போட்டால் மேல்பார உறுப்பு 337, அகல உறுப்பு வெறும் 28, மொத்தம் 365. நிகர அழுத்தம் 100 − 27 = 73. பாதுகாப்பு ஐந்து மடங்கு! இங்கே நிறுத்திவிட்டு அடுத்த ஃபூட்டிங்குக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். வழுக்கலைப் பாருங்கள்: அடி உராய்வை φ-இன் மூன்றில் இரண்டு பங்காக, 20° என எடுத்தால் தடுப்பு 180 × 0.364 = 65.5. தள்ளுவது 55. விகிதம் 1.19, நாம் கேட்பது 1.5. தாங்குதிறனில் பாஸ், வழுக்கலில் ஃபெயில். ஃபூட்டிங்குக்கு முன்னால் உள்ள மண் தாங்கிப் பிடிக்கும் என்று கணக்கில் சேர்த்து இதைச் சமாளிக்கிறவர்கள், ஆழக் காரணி பதிலில் கணுக்கால் இறங்கிய மண்ணை நினைத்துக்கொள்ளவும்.

களிமண்ணுல φ பூஜ்யம். அங்க சாய்வுக் காரணி வேலை செய்யுமா?

ic = (1 − α/90)² மட்டும் வேலை செய்யும், 10°-க்கு அதே 0.79. ஆனால் களிமண்ணில் H-க்குத் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு: அடியில் மண்ணைத் தொட்டிருக்கும் பரப்பு × ஒட்டுதல். V எவ்வளவு ஏற்றினாலும் அது ஏறாது, மணலில் மாதிரி எடை போட்டுச் சமாளிக்க முடியாது. அந்தப் பரப்பையும் B' வைத்து எடுங்கள், எழும்பி நிற்கும் பாகம் ஒட்டாது.

ஃபூட்டிங்கை வெளிப்பக்கமா கொஞ்சம் நகர்த்தி வெச்சா மொமென்டே போயிடும்னு சொன்னாங்க. செய்யலாமா?

எடைச்சுமைக்கு அருமையான வழி. கால் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, விளைவு விசை அடியில் 0.317 மீ வெளியே விழுகிறது. ஃபூட்டிங்கின் நடுவையே 0.32 மீ வெளியே கொண்டுபோனால், ஃபூட்டிங்கின் எடையும் மேல் மண்ணும் கூடவே நகர்வதால் e முழுக்கப் போகாது, ஆனால் வெகுவாகக் குறையும். அப்போது முழுக் கணக்கில் முதலில் போட்ட 98-க்கு 196-ஐ நோக்கிப் போகலாம். கான்கிரீட் ஒரு சட்டிகூடக் கூடவில்லை.

இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். ஒன்று, வெளிப்பக்கம் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவர் இருக்கும், நகர்த்த இடம் இருக்காது. இரண்டு, காற்று உறிஞ்சும்போது தள்ளல் திசை திரும்பி உள்பக்கமாக வரலாம். காற்றுக் கேள்வியின் 55 உள்பக்கம் திரும்பினால் 0.55-ஓடு நீங்கள் நகர்த்தியதில் ஒரு பங்கும் கூடி e இன்னும் ஏறும், ஃபூட்டிங்கின் ஓரம் 1 மீட்டரில் இருக்கிறது. கவிழும் பக்கம் இன்னும் நெருங்கிவிடுகிறீர்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது, தரைக்கு அடியில் எதிரெதிர் கால்களை இணைத்து ஒரு டை பீம் போட முடியுமா என்றுதான். எடையால் வரும் தள்ளல் இரண்டு பக்கமும் எதிரெதிர், டை அதை இழுவையாக வாங்கிக்கொள்ளும், ஃபூட்டிங்குக்கு H ஏறக்குறைய போகவே போகாது. காற்றில் இரண்டு காலும் ஒரே பக்கம் தள்ளும் பங்கு மட்டும் மிஞ்சும், அதை இரண்டு ஃபூட்டிங்கும் பகிர்ந்துகொள்ளும். உள்ளே இயந்திரக் குழி ஏதாவது வந்து டை போகும் வழியை அடைத்தால், நகர்த்தலை 0.32-க்குப் பதில் 0.15 என்று பாதியில் நிறுத்தி, ஃபூட்டிங்கை 2.4 மீட்டராக்கி, இரண்டு திசைக் காற்றுக்கும் வழுக்கலையும் சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.